பேப்பர் போட்ட பிறகு: நோட்டீஸ் காலமும் அதன் கணக்கும்

இந்தியாவில் தனியார் நிறுவன ஊழியர் ஒருவர் வேலையை விடுவதற்கு எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்கும் மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. தொழிற்சாலைகளில் நிலையாணைகள் இருக்கும் இடத்தில் அவை அந்த நாளைக் குறிக்கும். மற்ற இடங்களில், குறிப்பாக மென்பொருள் நிறுவனங்கள், தனியார் வங்கிகள், விற்பனை அலுவலகங்கள் ஆகியவற்றில், வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் இதை முடிவு செய்கிறது. சேரும் நாளில் சம்பளத் தொகையைத் தாண்டி யாரும் அதை வாசிப்பதில்லை. ராஜினாமா என்ற எண்ணம் வந்ததும் முதலில் எடுத்து வாசிக்க வேண்டியது அந்த ஆர்டரில் உள்ள ஒரு பத்தியைத்தான்.

அந்தப் பத்தியில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். ஊழியர் எத்தனை நாள் தர வேண்டும், நிறுவனம் எத்தனை நாள் தர வேண்டும் என்பது முதலாவது. இவை இரண்டும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊழியருக்கு 90 நாள், நிறுவனத்துக்கு 30 நாள் என்று எழுதப்பட்ட ஆர்டர்களும் புழக்கத்தில் உள்ளன. நாளுக்குப் பதிலாகப் பணம் தந்து விலகும் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது. ‘இரு தரப்பில் எவரும் 90 நாள் நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தந்து இந்த ஒப்பந்தத்தை முடிக்கலாம்’ என்று இருந்தால், பணத்தைக் கட்டிவிட்டுப் போவது ஊழியரின் உரிமை. ‘நிறுவனம் விரும்பினால் நோட்டீஸ் காலத்தைக் குறைத்து, ஈடான தொகையைப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று இருந்தால், அது நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. ஊழியர் கேட்கலாம், வற்புறுத்த முடியாது. ஈடான சம்பளம் என்பது பேசிக்கா, கிராஸா என்பது மூன்றாவது. இந்த ஒரு சொல்லில் தொகை இரண்டு மடங்காகக்கூட மாறும்.

நாள் எண்ணுவது

ராஜினாமா செய்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது பொதுவான வழக்கம். ஆர்டரில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும். 90 நாள் என்பதும் மூன்று மாதம் என்பதும் ஒன்றல்ல. ஜூன் 2ஆம் தேதி கடிதம் கொடுத்தவருக்கு ஜூனில் 28 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31 எனக் கூட்டினால் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. ‘மூன்று மாதம்’ என்று ஆர்டர் சொன்னால் அது செப்டம்பர் 2 வரை நீளும். புதிய இடத்தில் செப்டம்பர் 1 அன்று சேர்வதாக ஒப்புக்கொண்டவருக்கு இந்த இரண்டு நாள் வித்தியாசம் வீண் பதற்றத்தைத் தரும்.

நோட்டீஸ் காலம் தொடங்குவது கடிதம் நிறுவனத்தைச் சேரும் நாளில். மேலாளர் அதை ஏற்றுக்கொள்ளும் நாளில் அல்ல. பல நிறுவனங்களில் ராஜினாமாவை இணையதளத்தில் பதிய வேண்டும். மேலாளர் அதை வாரக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, ‘நான் அப்ரூவ் பண்ண நாளிலிருந்துதான் கணக்கு’ என்பது அடிக்கடி நடப்பது. ஆர்டரில் அப்படி எழுதப்படாதவரை அந்த வாதத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் கடிதம் சேர்ந்த நாளுக்குச் சான்று வேண்டும். ஆகவே தளத்தில் பதியும் அதே நாளில் மேலாளருக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஒரு பிரதியைச் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொள்வது அவசியம். அலுவலக மின்னஞ்சல் எந்த நிமிடமும் முடக்கப்படலாம். அப்போது அதிலிருக்கும் சான்றும் எட்டாமல் போய்விடும்.

கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத வேண்டியவை இரண்டு தேதிகள்: ‘இன்று, ஜூன் 2ஆம் தேதி, ராஜினாமா செய்கிறேன். பணி ஆணையின்படி 90 நாள் நோட்டீஸ் காலம் முடியும் ஆகஸ்ட் 31 எனது கடைசி வேலை நாள்.’ இரண்டாவது தேதியை எழுதாமல் ‘கூடிய விரைவில் விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுவோர் ஏராளம். மரியாதையாகத் தோன்றும் அந்த வரி, பிறகு நிறுவனம் உடனே வெளியே போகச் சொன்னால், ஊழியரே கேட்டுக்கொண்டதாகப் பொருள்படும். மிச்ச நாளுக்கான சம்பளம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த வரியால்தான்.

பணம் கட்டி முன்னதாகப் போவது

பையவுட் என்று அலுவலகங்களில் சொல்லப்படுவது, மிச்ச நாளுக்கான சம்பளத்தை ஊழியர் நிறுவனத்துக்குத் தந்து விலகுவது. மேலே சொன்ன ஊழியரையே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கிராஸ் மாதம் 90,000 ரூபாய், பேசிக் 45,000. புதிய நிறுவனம் ஆகஸ்ட் 1 அன்று சேரச் சொல்கிறது. ஜூலை 31 வரை அவர் வேலை செய்தால் 59 நாள் முடிந்திருக்கும். 31 நாள் குறையும். மாதத்தை 30 நாளாகக் கொண்டால் பேசிக் கணக்கில் ஒரு நாளுக்கு 1,500 ரூபாய், ஆகவே 46,500 கட்ட வேண்டும். கிராஸ் கணக்கில் ஒரு நாளுக்கு 3,000, ஆகவே 93,000.

இந்த ஊழியரிடம் எடுக்காத ஈட்டிய விடுப்பு 12 நாள் இருக்கிறது என்று கொண்டால் ஒரு கேள்வி எழும்: அதைப் பணமாக வாங்குவதா, நோட்டீஸ் நாளில் கழிப்பதா? விடுப்பைப் பணமாக்கும்போது பல நிறுவனங்கள் பேசிக்கை வைத்தே கணக்கிடுகின்றன. அப்படியானால் 12 நாளுக்குக் கிடைப்பது 18,000 ரூபாய். நோட்டீஸ் பிடித்தமோ கிராஸில் நடக்கிறது. அதே 12 நாளை நோட்டீஸில் கழித்தால் குறையும் நாள் 31லிருந்து 19ஆக இறங்கும். கட்ட வேண்டியது 93,000க்குப் பதில் 57,000. அதாவது பணமாக்கினால் 18,000 மதிப்புள்ள விடுப்பு, கழித்தால் 36,000 மதிப்பு பெறுகிறது. இரண்டுமே பேசிக்கில் நடக்கும் நிறுவனத்தில் இந்த வித்தியாசம் இல்லை. விடுப்பை நோட்டீஸில் கழிக்க அனுமதி உண்டா என்பது நிறுவனத்தின் விடுப்பு விதியைப் பொறுத்தது. கேட்பதானால் ராஜினாமா கடிதத்தோடு கேட்டுவிட வேண்டும். செட்டில்மென்ட் தாள் தயாரான பிறகு அதை மாற்ற எந்தக் கணக்குப் பிரிவும் எளிதில் இசையாது.

பையவுட் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துப் பிடித்த நிறுவனங்கள் இருந்தன. நோட்டீஸ் தராததற்காக ஊழியரிடமிருந்து பிடிக்கும் தொகை ஒரு சேவைக்கான விலை அல்ல, அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. இன்றும் செட்டில்மென்ட் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லலாம்.

வருமான வரியில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. பிடித்த தொகையைக் கழிக்காமல் முழுச் சம்பளத்தையும் வருமானமாகக் காட்டியே நிறுவனங்கள் படிவம் 16 தருவதுண்டு. கைக்கு வராத சம்பளத்துக்கு வரி விதிக்கக் கூடாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியருக்குச் சாதகமாகச் சொன்ன வழக்கு உண்டு. ஆனாலும் கணக்குத் தாக்கலில் அதைக் கழித்தால் துறை கேள்வி கேட்கலாம். பெரிய தொகையானால் தணிக்கையாளர் ஒருவரைக் கேட்டுவிட்டே செய்வது நல்லது.

புதிய நிறுவனமே பையவுட் தொகையைத் தர முன்வருவதும் உண்டு. இது பெரும்பாலும் ஊழியர் முதலில் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டிப் பிறகு பெறுவதாக இருக்கும். அந்தத் தொகை புதிய சம்பளத்தோடு வருமானமாகச் சேரும். வரி போக எஞ்சியதே கையில் நிற்கும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பையவுட் நாங்க பார்த்துக்கறோம்’ என்று தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பழைய இடத்தில் பணம் கட்டக் கூடாது. தொகையின் உச்சவரம்பும் எந்த மாதம் தரப்படும் என்பதும் ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வந்த பிறகே கட்ட வேண்டும்.

நிறுவனம் பையவுட்டுக்கு இசையாவிட்டால்

ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக வேலை செய்ய வைக்கும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. தனிமனிதரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்ற முடியாது என்பது 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நிறுவனம் கேட்கக்கூடியது பணம். அதிலும் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் வழங்குவது அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடு.

இதைச் சட்டம் கைகொடுப்பதாக நினைத்துத் திடீரென்று வேலைக்கு வராமல் நின்றுவிடுவது தவறான முடிவு. நிறுவனத்தின் உண்மையான பிடி நீதிமன்றத்தில் இல்லை; ரிலீவிங் லெட்டரில் இருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் பல புதிய நிறுவனங்கள் பணி நியமனத்தை உறுதி செய்வதில்லை. பின்னணிச் சரிபார்ப்பில் ‘தலைமறைவு’ என்று பதில் போனால் அதைத் திருத்த மாதங்கள் ஆகும். நோட்டீஸை முழுதாக முடிக்க முடியாதவர், எந்த நாள் வரை வேலை செய்வார், எந்தத் தொகையைக் கட்ட ஆயத்தமாக இருக்கிறார், வேலையை யாரிடம் எப்போது ஒப்படைப்பார் என்ற மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டு, சொன்ன நாள் வரை தவறாமல் வேலைக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட கடிதம் ஒன்று இருக்கும்போது தலைமறைவு என்ற குற்றச்சாட்டு நிற்காது. பையவுட்டை முதலில் மறுத்த மேலாளர்கள், வேலை ஒப்படைப்பு முடிந்ததும் தேதி பேச இறங்கி வருவதும் வழக்கம்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதியாமல் விட்டால் அதற்கு வழி உண்டு. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்ததும் ஊழியரே இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் Manage என்பதன் கீழுள்ள Mark Exit வழியாக அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம்.

உடனே போகச் சொன்னால்

ராஜினாமா கடிதம் கொடுத்த மாலையே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் நிறுவனங்கள் உண்டு. போட்டி நிறுவனத்துக்குப் போகிறவர், வாடிக்கையாளர் பட்டியல் கையில் உள்ளவர் ஆகியோருக்கு இது அதிகம் நேர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றினாலும், இதில் மூன்று வேறு நிலைகள் உள்ளன. தனக்கு நடப்பது எது என்று ஊழியர் அன்றைக்கே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, அலுவலகத்துக்கு வர வேண்டாம், ஆனால் ஆகஸ்ட் 31 வரை ஊழியராகவே இருப்பார் என்பது. கார்டன் லீவ் என்பது இதுதான். சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு எல்லாம் கடைசி நாள் வரை தொடரும். வீட்டில் இருந்தாலும் அவர் இன்னும் பழைய நிறுவனத்தின் ஊழியர் என்பதால் அதற்குள் புதிய இடத்தில் சேர முடியாது. பி.எஃப். பதிவில் இரு வேலைகள் ஒரே நாளில் மோதுவதும் இப்படிச் சேரும்போதுதான்.

இரண்டாவது, இன்றோடு வேலை முடிகிறது, மிச்ச நாளுக்கான சம்பளம் மொத்தமாகத் தரப்படும் என்பது. பணம் அதேதான், சில சமயம் பேசிக் மட்டும்தான். ஆனால் பணிக்காலம் இன்றோடு நின்றுவிடுகிறது. ஐந்து ஆண்டு நிறைவை நெருங்கும் ஊழியருக்கு இது கிராஜுவிட்டியையே பாதிக்கக்கூடும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், தமிழ்நாட்டு ஊழியர் கணக்கிட வேண்டியது அந்த 240 நாளை. அதற்குச் சில வாரங்கள் குறையும் நேரத்தில் பணம் தந்து அனுப்பினால், ஈட்டுச் சம்பளத்துக்குப் பதிலாகக் கார்டன் லீவ் தரும்படி கேட்பது மிகவும் நியாயமானது. ஆண்டு போனஸும் குறிப்பிட்ட தேதியில் பணியில் இருந்தால்தான் கிடைக்கும் என்று விதி இருந்தால், அதற்கும் இதே கவனம் வேண்டும். ஊழியர் பெறும் ஈட்டுச் சம்பளம் சம்பள வருமானமாகவே வரிக்கு உட்படும்.

மூன்றாவது நிலைதான் சிக்கலானது: ‘உங்கள் ராஜினாமா உடனடியாக ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும், மிச்ச நாளுக்குப் பணம் பற்றிப் பேச்சே இருக்காது. ஊழியர் ஆகஸ்ட் 31 வரை வேலை செய்யத் தயாராக இருக்கும்போது, ஜூன் 2 அன்றே அனுப்புவது அவருடைய ராஜினாமாவை ஏற்பதாகாது. நிறுவனமே வேலையை முடிப்பதற்கு அது நெருக்கமானது. பஞ்சாப் நேஷனல் வங்கி அதிகாரி ஒருவர் 1986 ஜனவரியில், ஜூன் 30 முதல் விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். வங்கி பிப்ரவரியில் உடனடியாக ஏற்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டது. ஏப்ரலில் அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். 1989இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: நோட்டீஸ் காலம் வங்கியின் வசதிக்கு மட்டும் உரியதல்ல, ஊழியருக்கும் உரியது, அவர் சம்மதம் இல்லாமல் அதைச் சுருக்க முடியாது. அது வங்கியின் விதிமுறைகளை வைத்துச் சொன்ன தீர்ப்பு. சாதாரணத் தனியார் நிறுவன ஊழியருக்கு மீண்டும் வேலை கிடைப்பது அரிது. அவர் எதிர்பார்க்கக்கூடியது நோட்டீஸ் நாளுக்கான சம்பளம். ‘நிறுவனம் தன் விருப்பப்படி, ஈட்டுத் தொகை இல்லாமலே, முன்னதாக விடுவிக்கலாம்’ என்று ஆர்டரிலேயே இருந்தால் அந்தக் கோரிக்கை வலுவிழக்கும்.

தமிழ்நாட்டில் ஆர்டரில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் தரும் குறைந்தபட்சப் பாதுகாப்பும் உண்டு. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நிறுவனம் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை இருந்தால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும். பொருந்துகிறவர் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவை எல்லாமே ‘நாளைச் சுருக்கியது யார்’ என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. ஊழியர் சுருக்கினால் அவர் தருகிறார், நிறுவனம் சுருக்கினால் அது தருகிறது, இருவரும் ஒத்துக்கொண்டு சுருக்கினால் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. அதனால்தான் உடனே போகச் சொல்லும் அறையில் நீட்டப்படும் தாளை வாசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. ‘என் வேண்டுகோளின்படி இன்றே விடுவிக்கப்படுகிறேன்’ என்றோ, ‘எனக்குச் சேர வேண்டியது எதுவும் இல்லை’ என்றோ அதில் இருக்கலாம். இன்றைய தேதியிட்டுப் புதிதாக ஒரு ராஜினாமா எழுதித் தரும்படி கேட்டாலும் மறுக்க வேண்டும். பழைய கடிதமே போதும். பொருட்களை ஒப்படைத்ததற்கு மட்டும் கையெழுத்திட்டு, நகல் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அன்றிரவே சொந்த முகவரியிலிருந்து எச்.ஆருக்கு எழுத வேண்டியது சில வரிகள்தான்: ‘ஜூன் 2 அன்று, ஆகஸ்ட் 31ஐக் கடைசி நாளாகக் குறித்து ராஜினாமா கொடுத்தேன். அதுவரை வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். இன்றே வர வேண்டாம் என்று நிறுவனம் சொன்னது. மிச்ச 90 நாளுக்கான சம்பளத்தைச் செட்டில்மென்டில் சேர்க்கக் கோருகிறேன்.’ கோபமோ விளக்கமோ வேண்டாம். பின்னாளில் வழக்கறிஞரோ தொழிலாளர் அலுவலரோ முதலில் கேட்பது இந்த மின்னஞ்சலைத்தான்.

கணக்கு தீர்ப்பது

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் 45 நாளில் வரும் என்று எச்.ஆர். பிரிவுகள் சொல்வது வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு. வரும் தாளில் மூன்று வரிகளைச் சரிபார்த்தால் பெரும்பாலான பிழைகள் பிடிபடும்: கடைசி வேலை நாள் எது என்று எழுதியிருக்கிறது, நோட்டீஸ் பிடித்தம் எத்தனை நாளுக்கு, அது பேசிக்கிலா கிராஸிலா. நிறுவனமே முன்னதாக அனுப்பியிருந்தும், மென்பொருள் தானாகக் கணக்கிட்டுக் குறைந்த நாளை ஊழியரின் பிடித்தமாகக் காட்டிவிடுவது நடக்கிறது. ஜூன் 2 அன்று அனுப்பப்பட்ட நம் ஊழியரின் தாளில் இது 2,70,000 ரூபாய் கடனாக வந்து நிற்கும். ராஜினாமா கடிதத்தையும் அன்றிரவு அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்துத் திருத்தம் கேட்க வேண்டும். திருத்திய தாள் வரும்வரை ஒப்புதல் கையெழுத்து இடக் கூடாது. பதில் வராவிட்டால் அடுத்த படி நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட். அதற்குப் பிறகு தொழிலாளர் துறை அலுவலகம்.